இரவு 10 மணிப் பால்: ட்ரீம் ஃபீட் கொடுத்தால் பிள்ளை நீளமாகத் தூங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் பிறகு அம்பாறைக் கரையோரத்திலும் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தபோது, புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார் இந்த ஒரு விடயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கிளினிக் வாங்கில் உட்கார்ந்து கேட்டவர்களும் உண்டு, மாமிக்குக் கேட்காமல் குசினிப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, சுகமாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ட்ரீம் ஃபீட் எண்டா என்ன மிஸ்? போன்ல பாத்தன், சரியா விளங்கல்ல.

பிள்ளை மாலை ஏழு, எட்டு மணிக்குப் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். நீங்கள் வேலையெல்லாம் முடித்துப் படுக்கப் பத்து, பத்தரை ஆகும். படுப்பதற்குச் சற்று முன்னால், பிள்ளை அழுது கேட்காமலே, அதை முழுதாக எழுப்பாமல் தூக்கி அரைத்தூக்கத்தில் ஒரு தரம் பால் கொடுத்துத் திரும்பப் படுக்க வைப்பதுதான் ட்ரீம் ஃபீட்.

பிள்ளை இரவில் ஒரு முறையாவது நீளமாகத் தூங்கும். அந்த நீளத் தூக்கம் பெரும்பாலும் மாலையிலேயே, நீங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கழிந்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் தள்ளி, நீங்கள் தூங்கும் நேரத்துக்குக் கொண்டுவருவதுதான் இதன் நோக்கம்.

இதக் குடுத்தா பிள்ளை விடிய விடியத் தூங்குமா?

விடிய விடியத் தூங்காது. இரண்டு, மூன்று மாதப் பிள்ளைக்கு இரவில் பசிப்பது இயல்பு. தாய்ப்பால் சீக்கிரம் சமித்துவிடும், பிள்ளையின் வயிறும் சிறியது. பத்தரைக்குக் குடித்த பால் காலை ஆறு மணி வரை தாங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நான் பார்த்த வரையில், இது பிள்ளையின் தூக்கத்தை நீட்டுவதைவிட அதன் இடத்தை மாற்றுகிறது. ஏற்கெனவே நான்கு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கும் பிள்ளை என்றால், அந்த நான்கு மணி நேரம் ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை போகாமல், பத்தரையிலிருந்து இரண்டரை வரை வரலாம். பிள்ளைக்கு அதே நான்கு மணி நேரம்தான். ஆனால் அது உங்களுக்கும் தூக்கமாகிறது. இதுவரை ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை எழும்பும் பிள்ளைக்கு நகர்த்த நீளத் தூக்கமே இன்னும் வரவில்லை. அதனால் பலனும் கிடைக்காது.

ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க எண்டு மச்சாள் சொல்றா. உண்மையா?

பாதி உண்மை. 1993இல் அமெரிக்காவில் பினியா, பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் பிள்ளை பெற்று, தாய்ப்பால் கொடுத்த 26 குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இரவு 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் ஒரு முறை பால் கொடுக்கச் சொன்னார்கள். எட்டு வாரத்தில் அந்தப் பாதியில் எல்லாப் பிள்ளைகளும் நடுச்சாமம் 12 தொடக்கம் 5 மணி வரை தூங்கின. மற்றப் பாதியில் நாலில் ஒரு பங்குப் பிள்ளைகள்கூட அப்படித் தூங்கவில்லை.

ஆனால் அந்தப் பெற்றோர் வேறு இரண்டு காரியங்களும் செய்தார்கள். சாமத்தில் பிள்ளை எழும்பினால் உடனே பால் கொடுக்காமல், துணி மாற்றி, தோளில் போட்டு நடந்து, பால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார்கள். பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியும்படி, பகலில் வெளிச்சமும் கதையும், இரவில் இருட்டும் அமைதியுமாக வைத்தார்கள். மூன்றும் சேர்ந்து தந்த பலனில் பத்து மணிப் பாலின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. குடும்பங்களும் கொஞ்சம்தான்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் வேறு. இரவில் குறைவாகக் குடித்த பிள்ளைகள் விடியற்காலையில் கூடுதலாகக் குடித்து ஈடு செய்துவிட்டன. ஒரு நாளைக்குக் குடித்த மொத்தப் பால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது. இரவுப் பால் குறைந்தால் பிள்ளை மெலிந்துவிடும் என்று பயப்படும் அம்மம்மாமாருக்கு இதைத்தான் சொல்வேன்.

பிள்ளைக்கு இருவது நாள்தான். இப்பவே தொடங்கலாமா?

இப்போது வேண்டாம். முதல் சில வாரங்களில் பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டிய காலம் அது. பிறந்த நிறையைத் திரும்பப் பிடிக்கவே பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த நாட்களில் நீளமாகத் தூங்கினால்கூட எழுப்பிப் பால் கொடுக்கத்தான் வேண்டும். நிறை குறைந்து பிறந்த பிள்ளை, மாதம் நிரம்பாமல் பிறந்த பிள்ளை, மஞ்சள் காமாலை கண்ட பிள்ளை ஆகியோருக்கு வைத்தியர் சொன்ன இடைவெளிதான் கணக்கு.

ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகு, கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு ஒழுங்காக ஏறியிருந்தால், முயற்சி செய்யலாம். இரவுத் தூக்கம் பகல் தூக்கத்திலிருந்து பிரிய ஆரம்பிப்பதும் இரண்டு, மூன்று மாத அளவில்தான். அந்த நேரத்தில்தான் மாலையில் ஒரு நீளத் தூக்கம் வருவதை நீங்களே கவனிப்பீர்கள்.

எத்தின மணிக்குக் குடுக்கிற?

பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில், நீங்கள் படுப்பதற்கு முந்திய கடைசி வேலையாக வையுங்கள். கடைசியாகக் குடித்து இரண்டரை, மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் குடித்த பிள்ளைக்குப் பத்துக்குத் திரும்பக் கொடுத்தால் சும்மா சப்பிக்கொண்டிருக்கும், வயிற்றுக்குள் எதுவும் போகாது.

நீங்கள் படுத்து நித்திரை கொண்டுவிட்டு, அலாரம் வைத்து எழும்பிக் கொடுப்பதில் பிரயோசனம் இல்லை. உங்கள் தூக்கத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடே.

தூங்குற பிள்ளைக்கு எப்பிடிப் பால் குடுக்கிற? வாயே திறக்காதே.

நேரம் பார்த்துத் தூக்க வேண்டும். பிள்ளையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்றாகப் போகும். அந்தச் சுற்றில் ஆழ்ந்த பகுதியும் இலேசான பகுதியும் வரும். பிள்ளையின் கையை மெதுவாகத் தூக்கி விடுங்கள். துணி மாதிரித் தொப்பென்று விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். அப்போது தூக்கினாலும் குடிக்காது, கால் மணி நேரம் பொறுங்கள். இமைக்குள் கண் அசைவது, உதடு சப்புவது, விரல் மடங்கி விரிவது, மூச்சு ஒரே சீராக இல்லாமல் கூடிக் குறைவது எல்லாம் இலேசான தூக்கத்தின் அடையாளம். அந்த நேரம்தான் நல்லது.

பெரிய லைட்டைப் போடாதீர்கள். நுளம்பு வலையை விலக்கி, கதை பேச்சு இல்லாமல் தூக்கி, தலை உயர்ந்து உடம்பு சரிந்திருக்கும்படி மடியில் வையுங்கள். முலைக்காம்பால் கீழ் உதட்டைத் தொட்டு ஒரு சொட்டுப் பாலைப் பிதுக்கிவிட்டால், பெரும்பாலான பிள்ளைகள் கண் திறக்காமலே வாயை அகலத் திறந்து பிடிக்கும். கன்னம் தடவுவது, உள்ளங்கால் சொறிவது எல்லாம் வேண்டாம். அது பிள்ளையை எழுப்பிவிடும்.

குடிக்கிறதா என்று பார்க்கத் தொண்டையைக் கவனியுங்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு விழுங்கல் கேட்க வேண்டும். உதடு மட்டும் மெல்ல நடுங்குகிறது, விழுங்கும் சத்தம் இல்லை என்றால் பால் போகவில்லை. மற்றப் பக்கத்தை ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பிடிக்காவிட்டால் அப்படியே படுக்க வைத்துவிடுங்கள். வற்புறுத்தி ஊட்டும் பால் இல்லை இது.

நித்திரையில குடிச்சாப் புரைக்கேறாதா?

பிள்ளை தானாக உறிஞ்சினால் உறிஞ்சுதலும் விழுங்குதலும் மூச்சும் ஒன்றோடொன்று ஒத்துப் போகும். அரைத்தூக்கத்திலும் அது நடக்கிறது. பிள்ளை தானாக உறிஞ்ச வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனை. அதனால் தூங்கும் பிள்ளைக்குச் சங்காலோ கரண்டியாலோ கோப்பையாலோ பால் ஊற்றக் கூடாது. முழிப்பாக இருக்கும் பிள்ளைக்குக் கோப்பையில் கொடுப்பது நல்ல முறை. தூங்கும் பிள்ளையின் வாயில் ஊற்றினால் பால் மூச்சுக்குழலுக்குப் போகலாம். நம் பக்கத்தில் இன்னும் சங்கு வைத்திருக்கும் வீடுகள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

போத்தலில் கொடுத்தாலும் அதைத் தலையணையில் சாய்த்துவிட்டுப் போகக் கூடாது. கையில் பிள்ளையும் கையில் போத்தலுமாக இருக்க வேண்டும். இருமினால், உதடு நீலமானால், மூச்சு தடங்கினால் உடனே எடுத்துவிட்டு நிமிர்த்தித் தூக்குங்கள். ஒவ்வொரு முறையும் இருமிக் கக்கும் பிள்ளைக்கு ட்ரீம் ஃபீட் வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏவறை எடுக்கணுமா? பம்பஸ் மாத்தணுமா?

பத்து நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடித்தால் போதும். ஏவறை வந்தால் நல்லது, வராவிட்டால் தட்டித் தட்டி எழுப்பாதீர்கள். பால் அதிகம் கக்கும் பிள்ளை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பிடியுங்கள். பம்பஸ் ஈரம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். மலம் போயிருந்தால் மட்டும், பால் கொடுக்க முன் மாற்றுங்கள்.

பிள்ள ஏணையிலதான் தூங்கிற. ஏணைக்குள்ளயே வெச்சுக் குடுக்கலாமா?

முடியாது. குனிந்து போத்தலை வைத்துவிட்டு ஆட்டிக்கொண்டிருப்பதை ஒரு வீட்டில் பார்த்தேன். தலை மடிந்த நிலையில் பால் குடிப்பது மிகவும் ஆபத்து. வெளியே எடுத்து மடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரவுத் தூக்கத்துக்கு ஏணை வேண்டாம் என்றே சொல்வேன். துணிக்குள் உடம்பு வளைந்து நாடி நெஞ்சில் முட்டினால் சின்னப் பிள்ளைக்கு மூச்சு தடைப்படலாம். பகலில் யாராவது பக்கத்தில் இருப்பார்கள், சாமத்தில் எல்லோரும் தூக்கம். பாய் அல்லது கட்டிலில் இறுக்கமான விரிப்பில், தலையணை இல்லாமல், மல்லாக்காக, நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள். பால் கொடுத்த பிறகும் அப்படியே மல்லாக்கத்தான். ஏணையில் தூங்கிப் பழகிய பிள்ளை தூக்கியதும் முழிப்பதற்கு ஒரு காரணம் ஆட்டம் நிற்பது. தரையில் தூங்கப் பழகிய பிறகு ட்ரீம் ஃபீட்டைத் தொடங்கினால் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறையும்.

சாய்வு கதிரையிலோ செற்றியிலோ இருந்து பால் கொடுத்தபடி கண் அயர்வதும் இதே அளவு ஆபத்து. கண் சொருகுகிறது என்று தெரிந்தால் பிள்ளையை முதலில் அதன் இடத்தில் படுக்க வைத்துவிடுங்கள்.

சும்மா சொல்லாம ஒரு வீட்டுல நடந்ததக் கணக்கோட சொல்லுங்க மிஸ்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீடு. கணவர் கடலுக்குப் போகிறவர், தாய் மட்டும்தான் இரவில். ஒன்பது வாரப் பெண் பிள்ளை, தாய்ப்பால் மட்டும், நிறை நன்றாக ஏறியிருந்தது. பிள்ளை ஏழரைக்குக் குடித்துவிட்டுத் தூங்கும். பதினொன்றரைக்கும் இரண்டரைக்கும் ஐந்துக்கும் எழும்பும். தாய் படுப்பது பத்தே முக்காலுக்கு. ஒவ்வொரு பாலுக்கும் அரை மணி நேரம் போகும். அப்படிப் பார்த்தால் தாய்க்குக் கிடைத்த நீளமான ஒரே தூக்கம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை, இரண்டரை மணி நேரம்.

பத்தேகாலுக்குப் பால் கொடுக்கச் சொன்னேன். முதல் இரவு பிள்ளை வாயே திறக்கவில்லை. அடுத்த இரவு குடித்தது, ஆனால் பன்னிரண்டரைக்கு எழும்பியது. நாலைந்து இரவு போன பிறகு எழும்பும் நேரம் இரண்டு மணி, பிறகு ஐந்து மணி என்று அமைந்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். பிள்ளையின் நீளத் தூக்கம் முன்பு ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை நான்கு மணி நேரம். இப்போது பத்தேகால் பாலிலிருந்து இரண்டு மணி வரை, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு நிமிடம்கூட நீளவில்லை. தாய்க்கோ பத்தே முக்காலிலிருந்து இரண்டு வரை மூன்றேகால் மணி நேரம் ஒரே தூக்கம், அதோடு படுத்த பிறகு மூன்று தடவை எழும்பியது இரண்டாகக் குறைந்தது.

முக்கால் மணி நேரம்தானா என்று கேட்பீர்கள். சுபஹ் பாங்கு கேட்கும் முன் எழும்பி, கணவருக்குத் தேத்தண்ணி போட்டு, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் தாய்க்கு அந்த முக்கால் மணி நேரமும் ஒரு தடவை எழும்பாததும் பெரிய விடயம். ஆனால் அதற்கு மேல் கிடைக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

நாங்களும் குடுத்துப் பாத்தம். அப்பவும் பன்னிரண்டுக்கு எழும்பித்தான் நிக்குது.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பிள்ளை உண்மையில் குடிக்கவில்லை. மேலே சொன்னபடி விழுங்கும் சத்தத்தைக் கவனியுங்கள். மற்றது, பிள்ளை பன்னிரண்டுக்குப் பசியால் எழும்பவில்லை, தூக்கச் சுற்று மாறும்போது முனகுகிறது. முனகல் கேட்டவுடன் தூக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் பாருங்கள். சில பிள்ளைகள் கண் மூடியபடியே நெளிந்து, ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். அழுகை கூடினால், வாயைத் திறந்து தேடினால் பசி, பாலைக் கொடுங்கள்.

ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கள். அந்த ஒரு கிழமையும் பிள்ளை முதலில் எழும்பும் நேரத்தையும், நீங்கள் படுத்த பிறகு எத்தனை தடவை எழும்பினீர்கள் என்பதையும் கலண்டரில் குறியுங்கள். இரண்டும் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சாய்ந்தமருதில் ஒரு பிள்ளை பத்தரைக்குத் தூக்கினால் கண்ணை விரித்துச் சிரித்து ஒரு மணி நேரம் விளையாடியது, பன்னிரண்டுக்கும் வழக்கம் போல எழும்பியது. அந்த வீட்டில் தாயின் தூக்கம் இன்னும் குறைந்ததுதான் மிச்சம். இந்தப் பிள்ளைக்கு இது சரிவராது என்று உம்மம்மா முதல் இரவே சொன்னார், அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

மாமி சொல்றா, பால்மாவோ குரக்கன் கஞ்சியோ குடுத்தா வயிறு நிறைஞ்சு தூங்குமாம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். கஞ்சி, பிஸ்கற் கரைத்த தண்ணி, கற்கண்டுத் தண்ணி எதுவும் வேண்டாம். பாலில் தானியம் கலந்து கொடுத்தால் நீளமாகத் தூங்குமா என்று வெளிநாடுகளில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள், தூக்கம் நீளவில்லை. சின்னப் பிள்ளைக்கு அது சமிக்காது, புரைக்கேறும் ஆபத்தும் கூட.

பத்து மணிக்குத் தினமும் பால்மா கொடுத்தால் அந்த நேரத்துப் பாலை உங்கள் மார்பு சுரக்காமல் விட்டுவிடும். வைத்தியர் சொல்லிப் பால்மா குடிக்கும் பிள்ளை என்றால் வேறு கதை. அதற்கும் டின்னில் எழுதிய அளவுதான். நீளமாகத் தூங்கட்டும் என்று கூடுதலாக ஒரு கரண்டி போட்டால் பால் கெட்டியாகி வயிறு கட்டும், உடம்பில் தண்ணீரும் குறையும். மாமியிடம் மரியாதையாக, ‘கிளினிக்கில் வேண்டாம் என்று சொன்னாங்க மாமி’ என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பழியைப் பல வீடுகளில் சந்தோஷமாக ஏற்றிருக்கிறேன்.

எனக்கு எட்டரைக்கே கண் சொருகுது. அவர் குடுக்கலாமா?

கொடுக்கலாம், இது நல்ல வழியும்கூட. பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் போத்தலில் அவர் பத்தரைக்குக் கொடுத்தால், நீங்கள் ஒன்பதிலிருந்து பிள்ளை அடுத்து எழும்பும் வரை தூங்கலாம். தாய்ப்பால் நன்றாக நிலைபெற்ற பிறகு, அதாவது ஒரு மாதத்துக்குப் பிறகு செய்யுங்கள். முன்னமே போத்தல் பழகினால் சில பிள்ளைகள் மார்பைச் சரியாகப் பிடிக்காது.

பிழிந்த பாலை மேசையில் வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். 25 பாகை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் இரவிலும் அதற்கு மேல்தான். குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் வைத்தால் நான்கு நாள் இருக்கும். சூடாக்கும்போது சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் போத்தலை வைத்து எடுங்கள், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். கரண்ட் நீண்ட நேரம் போன நாளில் அந்தப் பாலை ஊற்றிவிட்டு நேராக மார்பிலேயே கொடுப்பது பாதுகாப்பு. ஆரம்ப நாட்களில் நீண்ட இடைவெளியில் மார்பு கட்டி வலித்தால், இளகும் அளவுக்கு மட்டும் கையால் கொஞ்சம் பிழிந்துவிடுங்கள்.

பிள்ள நீளமாத் தூங்கினா எனக்குப் பால் வத்திருமா?

நிறைக் கோடு ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளை நான்கு, ஐந்து மணி நேரம் தூங்குவதால் வற்றாது. முன்பு சொன்ன ஆய்வில் பார்த்த மாதிரி, விடியற்காலையில் பிள்ளை ஈடு கட்டிக் குடிக்கும். அந்த நேரத்தில் மறுக்காமல் கொடுங்கள். ட்ரீம் ஃபீட் என்பது கூடுதலாக ஒரு பால் என்பதால், ஆறேழு மணி நேரம் பால் கொடுக்காமல் விடுவதைவிட உங்கள் சுரப்புக்கு இது நல்லதே.

பிள்ளை வழமைக்கு மாறாக எழுப்பியும் எழும்பாமல், உறிஞ்சச் சக்தியில்லாமல், நனைந்த துணிகள் குறைந்து இருந்தால் அது நல்ல தூக்கம் இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகைக் காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. ட்ரீம் ஃபீட்டைப் பற்றி யோசிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

நான் வேற ஒண்டும் பாவிக்கல்ல, பால் குடுக்கிறதுதான் எனக்குக் கட்டுப்பாடு. இரவு இடைவெளி கூடினா?

நல்ல கேள்வி, கேட்கத் தயங்கிக் கடைசியில் கேட்பார்கள். தாய்ப்பால் கொடுப்பதால் கரு தங்காமல் இருப்பதற்கு மூன்று நிபந்தனை: பிள்ளை ஆறு மாதத்துக்கு உட்பட்டது, மாதவிடாய் திரும்பவில்லை, தாய்ப்பால் மட்டும். அதோடு பாலுக்கும் பாலுக்கும் இடைவெளி பகலில் நான்கு மணி, இரவில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ட்ரீம் ஃபீட்டை நீங்களே மார்பில் கொடுத்தால் இடைவெளி ஆறுக்குள் நிற்கும். மேலே சொன்னபடி கணவர் போத்தலில் கொடுத்து நீங்கள் ஒன்பதிலிருந்து மூன்றரை வரை தூங்கினால் தாண்டிவிடும். அப்படியென்றால் வேறு முறை ஒன்றைக் கிளினிக்கில் கேட்டுத் தொடங்குங்கள்.

நோன்பு காலத்துல நேரத்த எப்பிடி வெக்கிற?

சஹருக்கு எழும்பும் வீட்டில் இது இன்னும் வசதி. தறாவீஹ் முடிந்து பதினொன்று அளவில் பால் கொடுத்தால், பிள்ளையின் அடுத்த முழிப்பு மூன்று, மூன்றரைக்கு வரும். எப்படியும் எழும்பும் நேரம். அந்தப் பாலைக் கொடுத்துவிட்டு, நீங்கள் சாப்பிட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கலாம்.

நாலு மாசம் வரைக்கும் நல்லாப் போச்சு. இப்ப தூக்கினாலே முழிச்சு அழுகிற.

நாலு மாத அளவில் பிள்ளையின் தூக்கம் பெரியவர்களுடைய தூக்கத்தைப் போல அடுக்கு அடுக்காக மாறுகிறது. முன்பு தூங்கத் தொடங்கியதும் இலேசான தூக்கம் வரும், இப்போது முதலில் ஆழ்ந்த தூக்கம். ஆழத்திலிருந்து தூக்கப்படும் பிள்ளை குழம்பி அழும். கால் மணி நேரம் முந்தியோ பிந்தியோ மூன்று இரவு முயன்று பாருங்கள். சரிவராவிட்டால் அதை விட்டுவிட்டு, பிள்ளை தானாக எழும்பும்போது மட்டும் கொடுங்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தால்கூட ஆறு மாதத்துக்கு மேல் தொடர வேண்டிய தேவை குறைவு. பகலில் சோறும் பருப்பும் மரக்கறியும் மசித்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு இரவுக்கு ஒருமுறை பால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு கிழமை, பத்து நாளில் நிறுத்திவிடலாம்.

நீளமாத் தூங்கிறது இந்தப் பாலாலயா, வயசு கூடினதாலயா எண்டு எப்பிடித் தெரியும்?

இதை யாருமே சோதித்துப் பார்ப்பதில்லை. எட்டு வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு வாரத்தில் பிள்ளை மூன்றரை வரை தூங்கினால், எல்லோரும் ட்ரீம் ஃபீட்டின் புண்ணியம் என்பார்கள். அந்த நான்கு வாரத்தில் பிள்ளையும் வளர்ந்திருக்கிறது. பத்து மணிப் பால் கொடுக்காத பிள்ளைகளுக்கும் அந்த வயதில் தூக்கம் நீளத்தான் செய்கிறது.

பிள்ளை சுகமாக இருக்கும் நாட்களாகப் பார்த்து, தொடர்ந்து இரண்டு இரவு பத்து மணிப் பாலை விட்டுவிடுங்கள். தடுப்பூசி போட்ட நாள், சளிக் காய்ச்சல் நாள் வேண்டாம். களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்கு இப்படி விட்டுப் பார்த்தோம். அதற்குள் மூன்றரை வரை தூங்கத் தொடங்கியிருந்த பிள்ளை, பால் கொடுக்காத இரண்டு இரவும் பன்னிரண்டரைக்கு எழும்பியது. பால் இன்னும் வேலை செய்கிறது என்று தொடர்ந்தோம். அடுத்த மாதம் திரும்ப விட்டுப் பார்த்தபோது, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்று மணிக்குத்தான் எழும்பியது. அன்றோடு பத்தேகால் பாலை நிறுத்திவிட்டோம். தாய் அதன் பிறகு ஒன்பதரைக்கே படுக்கத் தொடங்கினார்.